புதிய ஸ்பிளிட் ஏசிக்கு வேக்கம் போடுவது: பம்ப்பை மாட்டுவதிலிருந்து வால்வைத் திறப்பது வரை

குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி வெளியேற்றுவதைத்தான் வேக்கம் போடுவது என்கிறோம். வேலை பழகும் பையன்களிடம் "வேக்கத்தை எப்போது நிறுத்துவாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு நேரத்தைத்தான் சொல்வார்கள். பதினைந்து நிமிடம் என்பான் ஒருவன், அரை மணி நேரம் என்பான் இன்னொருவன். பம்ப் எவ்வளவு நேரம் ஓடியது என்று அதிலிருந்து தெரிகிறது. குழாய்க்குள் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள பம்ப்பைக் குழாயிலிருந்து பிரித்துவிட்டு, குழாய்க்குள் மிஞ்சியிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் மைக்ரான் மீட்டரைப் பார்த்தபடி பத்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் மற்ற படிகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தை நம்பத்தக்கதாக ஆக்குவதற்குத்தான்.

வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் மாட்டும் ஒரு இன்டோர், ஒரு அவுட்டோர் கொண்ட புதிய ஸ்பிளிட் ஏசி மட்டுமே இங்கே பேச்சு. குழாய்கள் வாயை விரித்து ஃப்ளேர் செய்து, நட்டால் இணைக்கப்பட்டுவிட்டன, வால்வுகள் இன்னும் திறக்கப்படவில்லை. அங்கிருந்து தொடங்குவோம்.

## 1. கேஸ் எங்கே, காற்று எங்கே

புதிய அவுட்டோர் யூனிட்டுக்குள் கேஸ் ஏற்கனவே நிரப்பப்பட்டு வருகிறது. அதன் பக்கவாட்டில் இரண்டு வால்வுகள் இருக்கும். மெல்லிய குழாய்க்கு உள்ளது திரவ வால்வு, பருமனான குழாய்க்கு உள்ளது கேஸ் வால்வு. இரண்டும் தொழிற்சாலையிலிருந்தே மூடி வருபவை. ஹோஸ் மாட்டும் வாயான சர்வீஸ் போர்ட் பெரும்பாலும் கேஸ் வால்வில்தான் இருக்கும்.

வால்வுகள் மூடியிருக்கும்போது அந்தப் போர்ட் அவுட்டோரின் உட்புறத்தோடு தொடர்பில் இருப்பதில்லை. நாம் இணைத்த குழாயோடுதான் தொடர்பில் இருக்கிறது. ஆகவே அதில் ஹோஸை மாட்டினால் கேஸ் குழாய், இன்டோர் காயில், திரவக் குழாய் மூன்றிலும் உள்ள காற்று ஒரே வழியாக வெளியே வந்துவிடும். அவுட்டோரில் இருக்கும் கேஸ் அசையாது.

இதைப் புரிந்துகொள்ளாமல் "வேக்கம் போடுவதற்கு முன் வால்வைத் திறக்க வேண்டாமா?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். திறந்தால் உள்ளிருக்கும் கேஸ் முழுவதும் பம்ப் வழியாக வெளியேறிவிடும். ஆர்-32 என்றால் அது தீப்பற்றக்கூடிய கேஸ். கடைசிப் படி வரை ஆலன் கீயைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

வெளியேற்ற வேண்டியவை இரண்டு. காற்று குளிர்ந்து திரவமாகாது. அது கண்டென்சரில் இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும், கம்ப்ரஸர் சூடாகும். இரண்டாவது ஈரம். ஆர்-32, ஆர்-410ஏ இயந்திரங்களில் உள்ள எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் வகை. ஈரமும் சூடும் சேர்ந்தால் அதில் அமிலம் உண்டாகும். காற்றை வெளியேற்றுவது சில நிமிட வேலை. நம் நேரத்தைத் தின்பது ஈரம்தான்.

## 2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு நிலை வேக்கம் பம்ப், அதற்கான புதிய எண்ணெய், டிஜிட்டல் மைக்ரான் மீட்டர், சர்வீஸ் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன வால்வு கோரைக் கழற்றும் கருவி, ரெகுலேட்டருடன் உலர் நைட்ரஜன் சிலிண்டர், டார்க் ரென்ச், சோப்பு நுரை, ஆலன் கீ. இயந்திரம் ஆர்-32 என்றால் பம்ப் அந்தக் கேஸுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்க வேண்டும். சுவிட்சில் பொறி பறக்கும் பழைய பம்ப் வேண்டாம்.

சர்வீஸ் போர்ட்டின் அளவையும் முன்கூட்டியே பாருங்கள். பழைய ஆர்-22 இயந்திரங்களில் கால் இன்ச் ஹோஸ் நேராக மாட்டும். ஆர்-32, ஆர்-410ஏ இயந்திரங்களில் போர்ட் 5/16 இன்ச். அடாப்டர் இல்லாமல் போனால் வேலை அங்கேயே நிற்கும். அடாப்டர் என்பது கசியக்கூடிய இன்னொரு இடம் என்பதால், 5/16 இன்ச் முனையோடு வரும் கோர் கருவி கிடைத்தால் அதுவே நல்லது.

மேனிஃபோல்ட் கேஜின் நீல டயல் மைக்ரான் மீட்டருக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. அந்த டயலில் 1 சென்டிமீட்டர் பாதரசம் என்பது 10,000 மைக்ரான். நாம் தேடுவதோ 500 மைக்ரானுக்குக் கீழே. டயலின் முள் "முழு வேக்கம்" காட்டும் இடத்தில் 500-ம் இருக்கலாம், 8,000-ம் இருக்கலாம். முள்ளின் தடிமனுக்குள் இரண்டும் மறைந்துவிடும்.

## 3. முதலில் பம்ப்பைத் தனியாகச் சோதியுங்கள்

மீட்டரை நேரடியாகப் பம்ப்பின் வாயில் மாட்டி ஓட விடுங்கள். நல்ல பம்ப் சில நிமிடங்களில் 100 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டும். போகவில்லை என்றால் முதல் சந்தேகம் எண்ணெய் மேல். பம்ப்பை ஓட்டி எண்ணெயைச் சற்றுச் சூடாக்கி, வடித்துவிட்டு, புதியதை ஊற்றி மறுபடி பாருங்கள்.

பம்ப் எண்ணெயும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். போன வேலையில் உறிஞ்சிய ஈரம் எண்ணெயிலேயே இருந்தால், பம்ப் தன் எண்ணெயிலிருந்து எழும் நீராவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். பால் போல் கலங்கிய எண்ணெயைக் கண்டவுடன் மாற்றுவதில் யோசனையே தேவையில்லை. தெளிவாகத் தெரிந்தாலும் மீட்டர் இறங்காவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

இந்த இரண்டு நிமிடச் சோதனையைத் தவிர்த்தால் பிறகு மீட்டர் 900-ல் நின்றுகொண்டு அடம்பிடிக்கும்போது குற்றம் பம்ப்பிலா, ஹோஸிலா, ஃப்ளேரிலா என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க நேரும்.

## 4. கசிவை நைட்ரஜனால் கண்டுபிடியுங்கள், வேக்கத்தால் அல்ல

ஃப்ளேர் நட்டுகளை இறுக்குவதில் கைக்கணக்கு வேண்டாம். கால் இன்ச் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இன்ச் குழாய்க்கு 50 முதல் 60 என்பது பரவலான அளவு. இயந்திரத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். குறைவாக இறுக்கினால் கசியும் என்று எல்லோருக்கும் தெரியும். அதிகமாக இறுக்கினால் ஃப்ளேரின் வாய் மெலிந்து, சில மாதங்கள் அதிர்வில் ஆடியபின் விரியும் என்பதுதான் தாமதமாகத் தெரியவருகிறது.

பிறகு சர்வீஸ் போர்ட் வழியாக உலர் நைட்ரஜனை ஏற்றுங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை நேராக இணைக்கவே கூடாது. ஆக்சிஜனையோ காற்று கம்ப்ரஸரையோ இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அழுத்தத்தில் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும். காற்று கம்ப்ரஸர் நாம் வெளியேற்ற நினைக்கும் ஈரத்தையே உள்ளே தள்ளும்.

அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். 3 பாரில் நிறுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். பெரிய கசிவு சீறும். பிறகு 15 பாரில் சோப்பு நுரை. பிறகு கையேட்டில் சொல்லியிருக்கும் சோதனை அழுத்தம். இன்டோர் பக்கம் உள்ள இணைப்புகளை நுரை போட்டுப் பார்த்த பிறகே காப்புறை சுற்றுங்கள். சுற்றியபின் பார்க்கலாம் என்று விட்டவர்கள் பார்ப்பதில்லை.

விட்டுவைத்த அழுத்தம் சற்று இறங்கினால் உடனே கசிவு என்று முடிவு கட்டாதீர்கள். 35 டிகிரி வெயிலில் 20 பார் ஏற்றி, குழாய் 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் கேஜ் ஏறக்குறைய 19.7 காட்டும். அது குளிர்ந்ததால் வந்த இறக்கம். வெப்பநிலை மாறாமல் இறங்கினால்தான் கசிவு.

வேக்கத்தை வைத்தே கசிவைக் கண்டுகொள்ளலாமே என்றால், வேக்கத்தில் வெளியிலிருந்து உள்ளே தள்ளும் அழுத்தம் 1 பார்தான். இயந்திரம் ஓடும்போது உள்ளிருந்து வெளியே தள்ளுவது அதைப்போல் பல மடங்கு. 1 பாருக்கு அடங்கிக் கிடக்கும் மயிரிழைக் கசிவு 25 பாரில் வாய் திறக்கும். தவிர, கசிவு இருக்கிறது என்று மீட்டர் சொன்னாலும் எந்த நட்டில் என்று சொல்லாது. நுரை சொல்லும்.

சோதனை முடிந்ததும் நைட்ரஜனை மெதுவாக வெளியே விடுங்கள். அறை சிறியதாக இருந்தால் ஜன்னல் திறந்திருக்கட்டும். லேசான அழுத்தம் மிச்சமிருக்கும்போதே அடுத்த படிக்குப் போனால் வெளிக்காற்று உள்ளே வராது.

## 5. ஹோஸும் மீட்டரும்: எது எங்கே

நான் பார்த்த பிழைகளில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கின்றன. எல்லாம் ஓடும், மீட்டரும் அழகான எண் காட்டும், ஆனால் அந்த எண் பொய்.

முதலில் சர்வீஸ் போர்ட்டில் கோர் கருவியை மாட்டி, உள்ளே இருக்கும் வால்வு கோரை இழுத்து வெளியே எடுங்கள். அந்தச் சின்னப் பின் இருக்கும் வரை காற்று ஊசிக்கண் போன்ற இடைவெளியில்தான் வெளியேறும். தொடக்கத்தில், அழுத்தம் அதிகமாக இருக்கும்போது, அது பெரிதாகத் தெரியாது. ஆழமான வேக்கத்துக்குப் போகப் போகத் தள்ளிவிட அழுத்தமே இல்லாததால், அந்தச் சின்ன இடுக்கு பெரிய அணையாகிவிடும்.

அதே காரணத்தால் ஹோஸ் குட்டையாகவும் பருமனாகவும் இருக்க வேண்டும். 3/8 இன்ச் ஹோஸ் ஒன்றே ஒன்று, பம்ப்பிலிருந்து நேராகக் கோர் கருவிக்கு. நடுவில் மேனிஃபோல்ட் வேண்டாம். மேனிஃபோல்டில் எத்தனை வால்வு, எத்தனை வாஷர், எத்தனை ஹோஸ் முனை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேக்கத்தில் கசியக்கூடிய இடம். ஹோஸ் முனைகளின் ரப்பர் வாஷரை ஒவ்வொரு வேலைக்கு முன்பும் ஒரு பார்வை பார்த்துவிடுவது என் வழக்கம்.

மைக்ரான் மீட்டரை மாட்டும் இடம் கோர் கருவியின் பக்கவாட்டு வாய், அதாவது இயந்திரத்தின் பக்கம். பம்ப்பின் பக்கம் மாட்டினால் அது பம்ப்பின் வாயில் உள்ள வேக்கத்தைக் காட்டும். பம்ப் வாயில் 200 இருக்கும்போது ஹோஸின் மறுமுனையில், குழாய்க்குள் 2,000 இருக்கலாம். கோர் கருவியின் பந்து வால்வை மூடினாலும் பக்கவாட்டு வாய் இயந்திரத்தோடு தொடர்பிலேயே இருக்கும். 7-வது படியில் இதுதான் கைகொடுக்கப்போகிறது. வாங்கும்போது இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மீட்டர் நிமிர்ந்து, போர்ட்டைவிட உயரத்தில் இருக்கட்டும். தலைகீழாகத் தொங்கினால் எண்ணெய்த் துளி சென்சாரில் இறங்கும். அதன்பின் மீட்டர் என்ன சொன்னாலும் நம்பிக்கை வராது.

## 6. இறக்குதல்

பம்ப்பைச் சமதளத்தில் வைத்து, கேஸ் பல்லாஸ்ட் திருகைத் திறந்து ஓட்டுங்கள். பல்லாஸ்ட் பம்ப்புக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை விடும். அது நீராவி எண்ணெயில் தண்ணீராக மாறிவிடாமல் வெளியே தள்ள உதவுகிறது. பம்ப்பின் சத்தம் தணிந்து, மீட்டர் சில ஆயிரம் மைக்ரானுக்கு வந்ததும் பல்லாஸ்டை மூடுங்கள். மூட மறந்தால் பம்ப் ஆழமாகப் போகாது. "மீட்டர் 1,500-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது" என்று அழைத்தவர்களில் இருவருக்கு நான் போனிலேயே சொன்ன தீர்வு இந்தத் திருகுதான்.

மீட்டர் ஒரே வேகத்தில் இறங்காது. காற்று மளமளவென்று போய்விடும். அதன்பின் ஓர் இடத்தில் தயங்கும், சில நேரம் சற்று ஏறிக்கூட இறங்கும். தண்ணீர் கொதிப்பதன் அடையாளம் அது. 25 டிகிரியில் தண்ணீர் ஏறக்குறைய 24,000 மைக்ரானில் கொதிக்கத் தொடங்கும். பம்ப் தண்ணீரைத் தண்ணீராக உறிஞ்சுவதில்லை. அழுத்தத்தைக் குறைத்து அதை ஆவியாக்கி, அந்த ஆவியை வெளியேற்றுகிறது.

எவ்வளவு ஆவி என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மீட்டர் நீளமுள்ள கால் இன்ச், அரை இன்ச் குழாய்கள் இரண்டையும் சேர்த்தால் உட்கொள்ளளவு ஏறக்குறைய 0.7 லிட்டர்தான். ஆனால் 1 கிராம் தண்ணீர் 25 டிகிரியில், 500 மைக்ரான் அழுத்தத்தில் ஆவியாக இருந்தால் அதற்கு 2,000 லிட்டர் இடம் வேண்டும். ஒரு தேக்கரண்டியில் கால் பங்குகூட இல்லாத தண்ணீர். குழாயின் ஓரத்தில் ஒட்டிய சில துளிகள் ஏன் ஒரு மணி நேரத்தைத் தின்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

கொதிக்கும்போது தண்ணீர் தன் சூட்டையும் இழக்கிறது. அதிகத் தண்ணீர் இருந்து, பம்ப் வேகமாக இழுத்தால் அது பனிக்கட்டியாக உறையவும் கூடும். பனி மிக மெதுவாகத்தான் ஆவியாகும், மீட்டரும் அசையாமல் நிற்கும். குளிர் காலத்தில் வேலை செய்தால் இன்டோர் இருக்கும் அறையைச் சூடாக்குவது பயன் தரும். குழாயில் தீச்சுடர் காட்டுவது வேண்டவே வேண்டாம்.

மீட்டர் 500-க்குக் கீழே போனதும் நிறுத்திவிடாதீர்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியும் எண் ஓட்டத்தின் நடுவே எடுத்த எண். 300-க்கு அருகே போகும் வரை விட்டால் அடுத்த படிக்கு வசதியாக இருக்கும்.

## 7. பம்ப்பைப் பிரித்துவிட்டுக் காத்திருத்தல்

முதலில் கோர் கருவியின் பந்து வால்வை மூடுங்கள். பிறகு பம்ப்பை நிறுத்துங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. வால்வு திறந்திருக்கும்போது பம்ப் நின்றால் குழாயின் வேக்கம் பம்ப்பின் எண்ணெயைத் தன் பக்கம் இழுக்கும். பல பம்ப்புகளில் அதைத் தடுக்கும் வால்வு உண்டு. ஆனால் அதை நம்பி வேலை செய்ய நான் தயாரில்லை; மின்சாரம் போய் பம்ப் நின்ற ஒரு மதியம், அந்த வால்வு சிக்கிக்கொண்டு ஹோஸில் எண்ணெய் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கடிகாரத்தையும் மீட்டரையும் பாருங்கள். ஒவ்வொரு நிமிடமும் எண்ணைக் குறித்து வையுங்கள். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எங்கே வந்து நின்றது என்பதைவிட எந்த வேகத்தில் ஏறியது என்பதுதான் இங்கே செய்தி.

முதல் நிமிடத்தில் கொஞ்சம் ஏறுவது இயல்பு. பம்ப் இழுத்துக்கொண்டிருந்தபோது போர்ட்டின் அருகே அழுத்தம் குறைவாகவும், இன்டோர் காயிலின் மறுமுனையில் அதிகமாகவும் இருந்தது. இப்போது இரண்டும் சமமாகின்றன.

அதன்பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். எண் நின்றுவிட்டால், பத்து நிமிடம் கழித்தும் 500-க்குக் கீழேயே இருந்தால், குழாய் காய்ந்திருக்கிறது, கசிவும் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய அதே அளவு ஏறிக்கொண்டே போனால் அது கசிவு. வெளியே இருக்கும் காற்றழுத்தம் மாறுவதில்லை, துளையும் மாறுவதில்லை, ஆகவே உள்ளே வரும் காற்றின் அளவும் மாறாது. முதலில் வேகமாக ஏறி, பிறகு தயங்கித் தயங்கி ஓர் இடத்தில் நின்றால் அது ஈரம். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, ஒரு சமநிலைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது.

ஒரு வேலையில் இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1.5 டன் ஆர்-32 இயந்திரம், குழாய் 6 மீட்டர். குழாய் இழுத்தவர்கள் ஒரு முனையை மூடாமல் விட்டுவிட்டுப் போக, இரவு தூறல் போட்டிருந்தது. நைட்ரஜன் சோதனை சுத்தமாக முடிந்தது. வேக்கத்தில் மீட்டர் 450 வரை இறங்கியது. வால்வை மூடியதும் ஒரு நிமிடத்தில் 800, அடுத்த நிமிடம் 1,160, அடுத்து 1,500, அடுத்து 1,850. நிமிடத்துக்கு 350 என்று கோடு போட்டதுபோல் ஏறியது.

கசிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நைட்ரஜனில் நின்ற குழாய் வேக்கத்தில் கசிகிறது என்றால், நைட்ரஜன் சோதனைக்குப் பிறகு புதிதாக மாட்டியது எது என்று முதலில் கேட்க வேண்டும். ஃப்ளேரைத் தொடவே இல்லை. மீட்டரைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தபோது ரப்பர் வாஷரில் ஒரு வெட்டு. வாஷரை மாற்றி மறுபடி இழுத்தோம்.

இரண்டாம் முறை மீட்டர் 420-ல் பிரித்தோம். முதல் நிமிடத்தில் 950, இரண்டாவதில் 1,230, மூன்றாவதில் 1,340, ஐந்தாவதில் 1,390, பத்தாவதில் 1,400. இந்த முறை வளைவு மட்டமாகிவிட்டது. கசிவு இல்லை, தூறலின் மிச்சம் உள்ளே இருக்கிறது. உடன் வந்த தம்பி "அண்ணே, இன்னும் அரை மணி ஓட விட்டால் போதுமே" என்றான். போகத்தான் போகும், ஆனால் அதைவிடக் குறுகிய வழி நைட்ரஜன்.

## 8. ஈரம் இருந்தால் நைட்ரஜனால் வேக்கத்தை உடைத்தல்

பந்து வால்வு மூடியபடியே இருக்க, பம்ப் ஹோஸைக் கழற்றி நைட்ரஜன் ஹோஸை மாட்டுங்கள். முழுதாக இறுக்கும் முன் கொஞ்சம் நைட்ரஜனை ஓட விட்டு, ஹோஸுக்குள் இருக்கும் காற்றை முனை வழியாக வெளியே தள்ளிவிடுங்கள். இதை மறந்தால் ஒரு ஹோஸ் நிறைய ஈரக்காற்றை நாமே உள்ளே அனுப்புகிறோம்.

ரெகுலேட்டரை மிகக் குறைவாக வைத்து, பந்து வால்வைத் திறந்து, காற்றழுத்தத்தைவிடச் சற்றே அதிகமாகும் வரை, 0.2 பார் போதும், நைட்ரஜனை விடுங்கள். மைக்ரான் மீட்டர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அதன் கையேட்டில் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

உலர்ந்த நைட்ரஜன் குழாய்ச் சுவரிலிருந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது; உறைந்திருந்தால் உருகும். ஆவியும் அதோடு கலந்துவிடும். அடுத்த முறை பம்ப் இழுக்கும்போது நைட்ரஜன் ஆவியையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும். வெறும் வேக்கத்தில் இந்த இரண்டுமே நடப்பதில்லை, ஏனென்றால் சூட்டையோ ஆவியையோ சுமந்து செல்ல அங்கே ஏதும் இல்லை.

பிறகு நைட்ரஜனை மெல்ல வெளியே விட்டு, பம்ப் எண்ணெயை மாற்றி, மறுபடி இழுங்கள். அந்த 1.5 டன் வேலையில் ஒருமுறை உடைத்ததுமே மீட்டர் 310 வரை போனது. பிரித்துப் பத்து நிமிடம் வைத்தபோது 390. அதோடு முடித்தோம். சில வேலைகளில் இரண்டு முறை உடைக்க வேண்டிவரும். குழாய்க்குள் தண்ணீர் தேங்கி நின்றது என்று தெரிந்தால் வேக்கத்தை நம்பாதீர்கள். குழாயைக் கழற்றி, நைட்ரஜனை ஊதித் தண்ணீரைத் தண்ணீராகவே வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

## 9. வால்வைத் திறக்கும் வரிசை

இவ்வளவு உழைத்துவிட்டுக் கடைசி ஒரு நிமிடத்தில் காற்றை உள்ளே விடுபவர்கள் உண்டு. வேக்கம் இருக்கும்போது ஹோஸைக் கழற்றினால், "உஸ்" என்று வெளிக்காற்று உள்ளே போகும். பழகுபவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, கேஸ் வெளியே வந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில், வேக்கம் இருக்கும்போதே, வால்வு கோரைக் கருவி வழியாகத் திரும்ப உள்ளே வைத்துத் திருகுங்கள். கோர் அமர்ந்ததும் இயந்திரம் ஒரு பக்கம், கருவியும் மீட்டரும் இன்னொரு பக்கம் என்று பிரிந்துவிடும்.

குழாய் நீளம் கையேட்டின் அளவைத் தாண்டுவதால் கூடுதல் கேஸ் சேர்க்க வேண்டியிருந்தால், கோரைத் திரும்ப வைப்பதற்கு முன், வேக்கத்தில் இருக்கும் குழாய்க்குள் அதைத் தராசில் எடை பார்த்து விடுவது எளிது. மீட்டருக்கு வால்வு இருந்தால் அதை மூடிவிட்டு, இல்லையென்றால் மீட்டர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள். கேஸ் ஹோஸின் காற்றை முதலில் வெளியேற்றுவது இங்கேயும் பொருந்தும்.

பிறகு திரவ வால்வை ஆலன் கீயால் கால் சுற்று மட்டும் திறந்து, ஐந்து பத்து விநாடியில் மூடுங்கள். இப்போது குழாய்க்குள் காற்றழுத்தத்தைவிட அதிக அழுத்தம் உண்டு. இந்தக் கணத்தில் மீட்டரைப் பாருங்கள். அது சட்டென்று ஏறினால் கோர் சரியாக அமரவில்லை. திருத்தாமல் கருவியைக் கழற்றாதீர்கள். அசையாமல் இருந்தால் கருவியைக் கழற்றலாம். உள்ளே காற்று போக வழியில்லை.

ஃப்ளேர் இணைப்புகளுக்கு இன்னொரு முறை நுரை போடுங்கள். கசிவு இருந்தால் இழப்பது இந்தச் சிறிதளவு கேஸ் மட்டும்தான், முழு அவுட்டோர் கேஸும் அல்ல. எல்லாம் சரி என்றால் திரவ வால்வை முழுதாகத் திறந்து, பிறகு கேஸ் வால்வை முழுதாகத் திறந்துவிடுங்கள். நிற்கும் இடம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் வம்பு பண்ணினால் தண்டு பாழாகும்.

வால்வுகளைத் திறக்கும் வரை மின்சாரம் துண்டித்தே இருக்கட்டும். வேக்கத்தில் கம்ப்ரஸர் ஓடினால் அதன் உள் முனைகளுக்கிடையே மின்பொறி பாய்ந்து சுற்று எரியக்கூடும். கம்ப்ரஸரையே வேக்கம் பம்ப்பாகப் பயன்படுத்துவதும், அவுட்டோர் கேஸைக் கொஞ்சம் விட்டுக் காற்றைத் "தள்ளிவிடுவதும்" இன்னும் சிலர் செய்யும் குறுக்கு வழிகள். இரண்டாவதில் காற்றின் ஒரு பகுதி போகும், குழாய்ச் சுவரில் ஒட்டிய ஈரம் அப்படியே இருக்கும், நிரப்பி வந்த எடையும் குறையும்.

## 10. மூடிகள்

இரு வால்வுத் தண்டுகளின் மூடிகளையும் சர்வீஸ் போர்ட்டின் மூடியையும் சுத்தமாகத் துடைத்து, கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள். தண்டைச் சுற்றியும் கோரைச் சுற்றியும் மெல்லக் கசியக்கூடியதை நிறுத்துவது இந்த மூடிகள்தான், தூசு மறைப்பதற்கு வைத்தவை அல்ல. ஒவ்வொன்றின் மேலும் நுரை வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு குறித்துவைத்த மைக்ரான் எண்களையும் தேதியையும் வேலைச் சீட்டில் எழுதிவிட்டு மெயின் சுவிட்சைப் போடுங்கள்.